173-ஆம் பக்கத்தில் நின்ற வேலை

"தம்பி, போன வாரப் புத்தகத்துக்கு எனக்கு ரெண்டு தடவை பணம் வந்திருக்கு. ஒண்ணைத் திருப்பி அனுப்பிடட்டுமா?"

காலை ஏழு மணிக்கு டீச்சரிடமிருந்து அழைப்பு. ஓய்வு பெற்ற தமிழாசிரியை அவர். ஒரு சிறிய பதிப்பகத்துக்காகப் பழைய நூல்களை மின்னூலாக்கும் வேலையில் எங்களுக்கு மெய்ப்பு பார்த்துத் தருபவர். "கொஞ்சம் பொறுங்க டீச்சர், பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். பணம் அனுப்பும் ஸ்கிரிப்டை எழுதியவன் நான். இரண்டு தடவை பணம் அனுப்பச் சொல்லி ஒரு வரிகூட அதில் கிடையாது. ஆனாலும் அனுப்பியிருந்தது. ஏன் என்று தேடிப் போனதில்தான், பல படிகள் கொண்ட வேலையைக் கிளவுடில் ஓட்டுவது பற்றி எனக்கு இன்று தெரிந்ததில் பாதி தெரியவந்தது.

வேலை இதுதான். 240 பக்கப் புத்தகத்தை ஸ்கேன் செய்து படங்களைக் கிளவுட் சேமிப்பில் போடுகிறார்கள். ஒவ்வொரு படத்தையும் எழுத்துணரி படித்து எழுத்தாக மாற்றுகிறது. கூடவே, எந்த அளவு நிச்சயமாகப் படித்தேன் என்று ஒரு மதிப்பெண்ணும் தருகிறது. மதிப்பெண் குறைந்த பக்கங்கள் டீச்சருக்குப் போகும். அவர் திருத்தி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு மின்னூல் கோப்பைக் கட்டி, டீச்சருக்குப் பணம் அனுப்பி, பதிப்பகத்துக்குத் தகவல் சொன்னால் வேலை முடிந்தது. இவ்வளவையும் மேலிருந்து கீழே ஒரே ஸ்கிரிப்டாக எழுதியிருந்தேன். சுருக்கினால் இப்படி இருக்கும்:

```python
for p in pages:
    text[p] = ocr(p)
send_to_proofreader(low_pages)
while not proof_done():
    time.sleep(600)
build_epub()
pay(proofreader)
notify_publisher()
```

படிக்க எவ்வளவு சுகமாக இருக்கிறது! இந்தச் சுகத்துக்காகவே பலரும் ஸ்கிரிப்டை விட மனம் வராமல் இருக்கிறார்கள், அது நியாயம்தான். சிக்கல் எழுதியிருக்கும் வரிகளில் இல்லை. இப்போது எந்த வரியில் நிற்கிறோம், எந்தெந்தப் பக்கம் முடிந்தது என்ற விவரம் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் நினைவகத்தில் மட்டுமே இருக்கிறது. அந்த இயந்திரம் போனால் விவரமும் போய்விடும்.

எங்கள் இயந்திரமோ அடிக்கடி போகக்கூடியது. செலவைக் குறைக்க மலிவு வாடகையில் எடுத்திருந்தோம். கிளவுட் நிறுவனங்கள் சும்மா கிடக்கும் இயந்திரங்களைக் குறைந்த விலைக்குத் தரும். வேறு தேவை வந்தால் திரும்ப எடுத்துக்கொள்ளும். அமேசானில் முன்னறிவிப்பு இரண்டு நிமிடம்தான். ஓர் இரவு அப்படி எடுத்துக்கொண்டபோது ஸ்கிரிப்ட் 173-ஆம் பக்கத்தில் இருந்தது. மறுபடி ஓட்டினால் முதல் பக்கத்திலிருந்து தொடங்கியது. சரி என்று, ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் ஓர் அடையாளக் கோப்பைச் சேமிப்பில் எழுதும்படி மாற்றினேன். கோப்பு இருந்தால் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகும். பக்கங்களுக்கு அது நன்றாகவே வேலை செய்தது. அதே வித்தையைப் பணம் அனுப்பும் படிக்கும் வைத்தேன்:

```python
pay(proofreader)
mark_done("pay")
```

டீச்சருக்கு இரண்டு தடவை பணம் போனது இந்த இரண்டு வரிகளுக்கு நடுவில்தான். முதல் வரி முடிந்து பணம் போய்விட்டது. இரண்டாவது வரி ஓடுவதற்குள் இயந்திரம் போய்விட்டது. மறுபடி எழுந்த ஸ்கிரிப்ட் அடையாளத்தைத் தேடியது, காணவில்லை, திரும்பவும் அனுப்பியது. வரிகளை இடம் மாற்றி அடையாளத்தை முதலில் எழுதினால்? அப்போது அடையாளம் எழுதியதும் இயந்திரம் போனால் டீச்சருக்குப் பணமே போகாது, போனதாகக் கணக்கில் இருக்கும். அது இதைவிட மோசம். இரண்டு வரிகளை எந்த வரிசையில் வைத்தாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கத்தான் செய்யும். இதற்குப் பிறகு வருகிற எல்லாமே இந்த இடைவெளியைச் சுற்றித்தான்.

ஒருங்கிணைப்பி என்று சொல்லக்கூடிய கருவிகள் செய்வது அடிப்படையில் ஒன்றே ஒன்று: எந்தப் படியில் நிற்கிறோம் என்ற கணக்கை, வேலை செய்யும் இயந்திரத்திலிருந்து பிரித்து வெளியே எடுத்து வைப்பது. படி தொடங்கும்போது ஒரு பதிவு, முடியும்போது இன்னொரு பதிவு, என்ன கொடுத்தோம், என்ன வந்தது என்பதும் அதில் சேரும். வேலை செய்பவர் யாராக இருந்தாலும், எத்தனை தடவை செத்துப் பிழைத்தாலும், அந்தப் பேரேடு நிலையாக இருக்கும். அமேசான் 2016 இறுதியில் கொண்டுவந்த ஸ்டெப் ஃபங்ஷன்ஸ் சேவையில்தான் நாங்கள் வேலையை மாற்றி எழுதினோம் என்பதால் அதைவைத்தே சொல்கிறேன். கூகுள், மைக்ரோசாஃப்ட் கிளவுடுகளிலும் இதற்கு இணையானவை உண்டு. டெம்போரல் என்ற திறந்த மூலக் கருவியும் இருக்கிறது.

அதில் வேலையை ஒரு வரைபடமாக எழுதுகிறோம். ஒவ்வொரு கட்டமும் ஒரு படி. எழுத்துணரி, மின்னூல் கட்டுவது, பணம் அனுப்புவது என ஒவ்வொன்றும் தனித்தனிச் சிறு நிரல். அமேசானின் லாம்டாவில் ஒரு நிரல் அதிகபட்சம் 15 நிமிடம்தான் ஓடலாம். முழுப் புத்தகத்துக்கு அது போதாது, ஒரு பக்கத்துக்குத் தாராளம். வேலையை வெட்ட வேண்டிய இடம் எது என்பது இப்படித்தான் தெரிந்தது: பக்கம் பக்கமாக.

பேரேடு வெளியே வந்ததும் மறுமுயற்சி என்பது நாம் எழுதும் நிரலில் இருந்து விலகி, அறிவிப்பாகிவிடுகிறது. எங்கள் எழுத்துணரிப் படியில் இருப்பது இது:

```json
"Retry": [
  { "ErrorEquals": ["PageUnreadable"],
    "MaxAttempts": 0 },
  { "ErrorEquals": ["States.ALL"],
    "IntervalSeconds": 5,
    "BackoffRate": 2,
    "MaxAttempts": 4,
    "JitterStrategy": "FULL" }
]
```

கீழ்ப்பகுதியை முதலில் பாருங்கள். படி தோற்றால் 5 வினாடி பொறுத்து மறுபடி முயற்சி. அதுவும் தோற்றால் 10, பிறகு 20, பிறகு 40. முதல் முயற்சியையும் சேர்த்து மொத்தம் ஐந்து தடவை. நெரிசலில் திணறும் சேவையைத் திரும்பத் திரும்பத் தட்டினால் இன்னும் திணறும், அதனால்தான் இடைவெளியை இரட்டிப்பாக்குகிறோம். கடைசி வரி எனக்கு மிகவும் பிடித்தது. பத்துப் பக்கங்கள் ஒரே நேரத்தில் எழுத்துணரியிடம் போய், ஒரே நேரத்தில் தோற்றால், சரியாக 5 வினாடி கழித்துப் பத்தும் ஒன்றாகவே திரும்ப வந்து நிற்கும், மறுபடி நெரிசல். `FULL` என்று போட்டால் ஒவ்வொன்றும் பூஜ்யத்துக்கும் 5-க்கும் நடுவில் ஏதோ ஒரு வினாடியில் திரும்பும். கூட்டம் கலைந்துவிடும்.

மேல்பகுதியைப் பலர் எழுத மறந்துவிடுகிறார்கள். எல்லாத் தோல்வியும் ஒரே வகை இல்லை. நெட்வொர்க் ஒரு கணம் அறுந்தால் மறுமுயற்சி பலிக்கும். பக்கம் பாதி மடிந்த நிலையில் ஸ்கேன் ஆகியிருந்தால் ஆயிரம் தடவை முயன்றாலும் அது மடிந்த பக்கம்தான். அப்படிப்பட்ட படத்தைப் பார்த்தால் எங்கள் நிரல் `PageUnreadable` என்ற பெயரில் பிழையை எழுப்பும். அதற்கு மறுமுயற்சி பூஜ்யம். நேராக மறுஸ்கேன் பட்டியலுக்குப் போகும் கிளையில் திரும்பிவிடும். இந்தக் கிளையைப் பக்க அளவிலேயே போட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ஒரு மடிந்த பக்கம், பிடிப்பாரில்லாத பிழையாக மேலே ஏறி, மீதி 239 பக்கத்தையும் சேர்த்து அந்தப் படி முழுவதையும் வீழ்த்திவிடும். முதல் வாரம் எங்களுக்கு அதுதான் நடந்தது.

ஆனால் அப்போது இன்னொன்றையும் பார்த்தேன். பழைய ஸ்கிரிப்ட் விழுந்தால், லாக் கோப்பில் கடைசி வரியைப் பார்த்து ஊகிப்போம். இங்கே திரையில் வரைபடம் விரிகிறது. முடிந்த கட்டங்கள் பச்சை, விழுந்த கட்டம் சிவப்பு. சிவப்பைத் தொட்டால் அந்தப் படிக்குள் போன தகவல் அப்படியே தெரிகிறது: 58-ஆம் பக்கம், இந்தப் படக் கோப்பு, இந்தப் பிழை, இத்தனை மணிக்கு. நிரலைத் திருத்திவிட்டு, விழுந்த படியிலிருந்தே ஓட்டத்தைத் தொடரலாம். 2023 இறுதியில் வந்த இந்த வசதிக்கு `Redrive` என்று பெயர். விழுந்து 14 நாளுக்குள் செய்ய வேண்டும். 57 பக்கங்களை மறுபடி படிக்க வேண்டியதில்லை.

அடுத்து காத்திருப்பு. ஸ்கிரிப்டில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை "டீச்சர் முடித்துவிட்டாரா?" என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். டீச்சர் நான்கு நாள் எடுத்துக்கொண்டால் நான்கு நாளும் ஓர் இயந்திரம் விழித்திருந்து வாடகை ஏற்றிக்கொண்டிருக்கும். அந்த நான்கு நாளும் அது பறிபோகக்கூடிய நாட்களே. ஒருங்கிணைப்பியில் இதைத் தலைகீழாக மாற்றலாம். டீச்சருக்குப் பக்கங்களை அனுப்பும் படியில், நீளமான ஒரு டோக்கனை ஒருங்கிணைப்பி தருகிறது. அதை அவருக்குப் போகும் இணைப்பில் பதித்து அனுப்புகிறோம். அத்தோடு எல்லாம் அடங்கிவிடும். எந்த இயந்திரமும் ஓடாது. பேரேட்டில் "காத்திருக்கிறது" என்ற ஒரு வரி மட்டும். டீச்சர் "திருத்தி முடித்தேன்" என்ற பொத்தானை அழுத்தும்போது அந்த டோக்கன் திரும்ப வந்து சேர்கிறது, ஓட்டம் விட்ட இடத்திலிருந்து எழுந்து நடக்கிறது. நிலையான வகை ஓட்டத்தில் கட்டணம் படி மாறும் எண்ணிக்கைக்குத்தான், கழிந்த நேரத்துக்கு இல்லை. அதனால் நான்கு நாள் காத்திருப்பதும் நான்கு நிமிடம் காத்திருப்பதும் ஒரே செலவு. மறுமுயற்சி ஒவ்வொன்றும் ஒரு மாற்றமாகக் கணக்கில் ஏறும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

காத்திருப்புக்குக் கெடு வைக்க மறந்தால் அதுவும் ஆபத்துதான். ஓர் ஓட்டம் அதிகபட்சம் ஓர் ஆண்டு உயிரோடு இருக்கலாம். மின்னஞ்சல் குப்பைப் பெட்டிக்குப் போய்விட்டது என்று வையுங்கள். கெடு இல்லாவிட்டால் ஓட்டம் பிழையும் காட்டாது, முடியவும் செய்யாது, அமைதியாக நின்றுகொண்டே இருக்கும். சிவப்பு தெரியாததால் யாரும் பார்க்கவும் மாட்டார்கள். நாங்கள் பத்து நாள் கெடு வைத்தோம். தாண்டினால் வேறொரு மெய்ப்பு பார்ப்பவருக்குப் போகும் கிளை.

அதில் ஒரு மனிதச் சிக்கல் வந்தது. டீச்சர் மகள் வீட்டுக் கல்யாண வேலையில் இருந்துவிட்டு, பதினோராம் நாள் எல்லாப் பக்கத்தையும் திருத்திப் பொத்தானை அழுத்தினார். கெடு முடிந்த டோக்கன் என்பதால் `TaskTimedOut` என்று பதில் வந்தது. எங்கள் பக்கம் அதை "ஏதோ தவறு நேர்ந்தது" என்று அவருக்குக் காட்டியது. பாவம், திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்திருக்கிறார். இரண்டு நாள் உழைப்பு. இப்போது அந்தப் பதில் வந்தால், அவருடைய திருத்தங்களை முதலில் சேமித்துக்கொண்டு, நிலைமையை நேர்த்தமிழில் சொல்லும்படி மாற்றியிருக்கிறோம். கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே ஒரு நினைவூட்டலும் போகிறது.

சரி, பணம் என்ன ஆயிற்று? ஒருங்கிணைப்பிக்கு மாறியதும் இரட்டைப் பணம் தானாக நின்றுவிடும் என்று நானும் நம்பினேன். நிற்காது. பணம் அனுப்பும் படி நடக்கிறது, பணச் சேவைக்குக் கோரிக்கை போகிறது, அவர்கள் அனுப்பியும் விடுகிறார்கள், ஆனால் "அனுப்பிவிட்டோம்" என்ற பதில் வரும் வழியில் தொலைந்துவிடுகிறது. ஒருங்கிணைப்பியின் பேரேட்டில் இது தோல்வி. மறுமுயற்சி என்று எழுதியிருக்கிறது, அதனால் மறுபடி அனுப்பும். என் இரண்டு வரிகளுக்கு நடுவில் இருந்த அதே இடைவெளி, இப்போது இரண்டு நிறுவனங்களுக்கு நடுவில். ஒரு படியை ஒரு தடவைதான் ஓட்டுவோம் என்று சேவையின் ஆவணம் சொல்வதன் பொருள், நீங்களாக மறுமுயற்சி கேட்காதவரை ஒருங்கிணைப்பி அந்தப் படியை ஒரு தடவைதான் தொடங்கும் என்பதுதான். வெளியுலகில் அந்த வேலை எத்தனை தடவை நடந்தது என்பதற்கு அது பொறுப்பேற்க முடியாது. எந்தக் கருவியாலும் முடியாது.

இடைவெளியை மூடும் வழி மறுமுனையில் இருக்கிறது. பணச் சேவைகள் பலவும் கோரிக்கையோடு ஓர் அடையாள எண்ணை ஏற்றுக்கொள்ளும். அதே எண்ணோடு இரண்டாவது தடவை வந்தால் பணம் மறுபடி போகாது; முதல் தடவையின் பதிலையே திருப்பித் தரும். அப்படியானால் எத்தனை தடவை கேட்டாலும் கெடுதல் இல்லை, மறுமுயற்சியைத் துணிந்து போடலாம். இதிலும் நான் ஒரு தடவை சறுக்கினேன். அந்த எண்ணைப் பணம் அனுப்பும் நிரலுக்குள்ளேயே தற்செயல் எண்ணாக உருவாக்கியிருந்தேன். மறுமுயற்சியின்போது நிரல் புதிதாக ஓடும், புது எண் பிறக்கும், பணச் சேவைக்கு அது புதுக் கோரிக்கை! சோதனையில் ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்ததால் பிழைத்தோம். இப்போது எண், நூலின் எண்ணும் மெய்ப்பு பார்த்தவரின் எண்ணும் சேர்ந்தது. எங்கிருந்து, எத்தனை தடவை கணக்கிட்டாலும் அதுவே வரும். கேட்ட கணத்துக்கு ஏற்ப மாறாமல், வேலையைச் சார்ந்து நிற்கும் எண்ணாக இருக்க வேண்டும் என்பதுதான் அதன் சூட்சுமம்.

அதேபோல் திரும்பப் பெற முடியாத படியைக் கடைசிக்குத் தள்ளினோம். நீண்ட வேலையைச் சிறு பரிவர்த்தனைகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் அதை நேர்செய்யும் எதிர்ப்படியை வைத்துக்கொள்ளலாம் என்று ஹெக்டர் கார்சியா-மொலினாவும் கென்னத் சேலமும் 1987-லேயே எழுதியிருக்கிறார்கள்; தரவுத்தளங்களுக்காகச் சொன்னது, இங்கேயும் அப்படியே பொருந்துகிறது. கட்டிய மின்னூலை அழித்துவிடலாம். பதிப்பகத்துக்குப் போன குறுஞ்செய்தியை அழிக்க முடியாது. "மன்னிக்கவும், முந்தைய செய்தி தவறு" என்று இன்னொன்று அனுப்பத்தான் முடியும்.

தமிழ் வேலை என்பதால் வந்த ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். ஒரு படியிலிருந்து அடுத்ததற்குக் கைமாறும் தகவல் நாங்கள் கட்டிய காலத்தில் 256 கிலோபைட்டைத் தாண்டக் கூடாது. ஆங்கில எழுத்து ஒரு பைட். தமிழில் 'க' மூன்று பைட். 'கி' என்றால் 'க'வும் உயிர்க்குறியுமாக ஆறு. ஆங்கில நூலில் சோதித்து நன்றாக ஓடிய அமைப்பு, முழுத் தமிழ் நூலின் உரையைக் கைமாற்றியபோது `States.DataLimitExceeded` என்று நின்றது. உரையை அனுப்பாமல், அது சேமிப்பில் இருக்கும் முகவரியை மட்டும் அனுப்புவதே சரி. முதலிலிருந்தே அப்படிச் செய்திருக்க வேண்டும்.

இன்னொன்று, நாள்கணக்கில் காத்திருக்கும் ஓட்டங்களுக்கே உரியது. வரைபடத்தை மாற்றிச் சேமித்தால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவை பழைய வரைபடத்தின்படியே தொடரும். அது நல்லதுதான். ஆனால் அவை அழைக்கும் சிறு நிரல்களுக்குப் பதிப்பெண் குறிப்பிடாவிட்டால், அழைக்கும் நேரத்தில் இருக்கும் புது நிரலே ஓடும். பழைய வரைபடம், புது நிரல். டீச்சரின் பக்கங்கள் காத்திருந்த வாரத்தில் மின்னூல் நிரலில் ஓர் உள்ளீட்டின் பெயரை மாற்றினேன். அவர் பொத்தானை அழுத்தியதும் அடுத்த படி விழுந்தது. இப்போது வரைபடத்தில் ஒவ்வொரு நிரலையும் அதன் பதிப்பெண்ணோடு எழுதுகிறோம்.

இவ்வளவுக்கும் விலை உண்டு. நாற்பது வரியில் சொல்லக்கூடியதை இரண்டு மடங்கு வரியில் வரைபடமாக எழுத வேண்டும். நாங்கள் கட்டிய காலத்தில் வரைபட மொழியில் சின்னக் கணக்குப் போடுவதுகூடச் சுற்றி வளைத்துத்தான் வந்தது. மடிக்கணினியில் ஓட்டிப் பார்ப்பது ஸ்கிரிப்டைப் போல எளிதில்லை. டெம்போரல் போன்றவை இந்தக் குறையைப் பார்த்து, வரைபடம் வேண்டாம், வழக்கமான நிரலாகவே எழுதுங்கள் என்கின்றன. இயந்திரம் போனால் வேறோர் இயந்திரம் அந்த நிரலை முதலிலிருந்து ஓட்டி, பேரேட்டில் பதிவான படிகளுக்குப் பழைய விடையையே கொடுத்து, விட்ட இடத்தை அடையும். அதற்கு விலையாக நிரலுக்குள் நேரடியாகக் கடிகாரத்தைப் பார்ப்பதோ தற்செயல் எண் எடுப்பதோ கூடாது. இரண்டாவது ஓட்டத்தில் வேறு பாதையில் போய்விடும்.

அதனால் எதையும் எடுத்து ஒருங்கிணைப்பியில் போடு என்று நான் சொல்ல மாட்டேன். பதிப்பகத்தின் நூற்பட்டியலை வாரம் ஒரு முறை தொகுக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றும் என்னிடம் இருக்கிறது. இருபது நிமிடம் ஓடும். விழுந்தால் மறுபடி முதலிலிருந்து ஓட்டுவேன், யாருக்கும் எதுவும் இரண்டு தடவை போகாது, யாருக்காகவும் காத்திருப்பதும் இல்லை. அது ஸ்கிரிப்டாகவே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கையால் ஓட்டுகிறேன்.

டீச்சரின் கூடுதல் பணத்தைத் திரும்ப வாங்கவில்லை. அடுத்த நூலுக்கான முன்பணமாக வைத்துக்கொள்ளச் சொன்னோம். அதற்கும் வரைபடத்தில் ஒரு கிளை சேர்க்க வேண்டியிருந்தது: முன்பணம் இருந்தால் கழித்துக்கொண்டு அனுப்பு, இல்லாவிட்டால் முழுதாக அனுப்பு.